பச்சை கேரட் ஜூஸா, எண்ணெய் விட்ட பொரியலா?

கேள்வி: மேடம், என் கணவருக்கு 41 வயது. போன மாதம் ஸ்கேனில் ஃபேட்டி லிவர் என்று வந்தது. டாக்டர் எண்ணெயைக் குறைக்கச் சொன்னார், ஒரு ஆளுக்கு மாதம் அரை லிட்டர்தான் என்றார். அதிலிருந்து காலை 6 மணிக்கு வெறும் வயிற்றில் எல்லோருக்கும் கேரட், தக்காளி இரண்டையும் பச்சையாக மிக்சியில் அடித்து, வடிகட்டி ஜூஸாகக் கொடுக்கிறேன். சமைத்தால் சத்தெல்லாம் போய்விடும் என்று எல்லோரும் சொல்கிறார்களே. ஆனால் என் மாமியார், "கேரட்டை எண்ணெய் விட்டு வதக்கினால்தான் உடம்பில் ஒட்டும்" என்று தினமும் சண்டை. பையனுக்கு 9 வயது, கண்ணாடி போட்டிருக்கிறான், அவனுக்காகவும்தான் இந்த ஜூஸ். யார் சொல்வது சரி? எண்ணெயே இல்லாமல் சாப்பிட்டால் சத்து சேராதா?
- ஒரு வாசகி, திருப்பூர்

பதில்: அன்புள்ள சகோதரி,

இந்தச் சண்டையில் உங்கள் மாமியார் பக்கம்தான் நியாயம் அதிகம். அதற்காக டாக்டர் சொன்ன அளவை மீற வேண்டியதும் இல்லை. அந்த அரை லிட்டருக்குள்ளேயே இது முடியும், கணக்கைக் கீழே போட்டுக் காட்டுகிறேன்.

முதலில் எந்தச் சத்தைப் பற்றிப் பேசுகிறோம் என்று பிரித்துக்கொள்வோம். கேரட்டின் ஆரஞ்சு நிறம் பீட்டா கரோட்டின். உடம்பு இதை வைட்டமின் ஏ ஆக மாற்றிக்கொள்ளும். தக்காளியின் சிவப்பு லைக்கோபீன். இது வைட்டமின் ஏ ஆக மாறாது, ஆனால் ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் பொருள் என்பதால் ஆய்வாளர்களுக்கு இதன் மேல் ஆர்வம் உண்டு. இரண்டுமே கரோட்டினாய்டு என்ற ஒரே குடும்பம். இரண்டுமே தண்ணீரில் கரையாது, கொழுப்பில் மட்டும்தான் கரையும். "சமைத்தால் சத்து போய்விடும்" என்ற பேச்சு வைட்டமின் சி போன்ற, தண்ணீரில் கரையும், சூட்டில் சிதையும் சத்துகளுக்குப் பொருந்தும். அதைத் தூக்கி எல்லாச் சத்துக்கும் பொருத்தியதில்தான் குழப்பம் வந்தது.

கேரட்டுக்குள் பீட்டா கரோட்டின் எப்படி இருக்கிறது என்று தெரிந்தால் பாதி விஷயம் விளங்கிவிடும். அது சாற்றில் கலந்து மிதந்துகொண்டிருக்கவில்லை. ஒவ்வொரு செல்லுக்கும் உள்ளே இருக்கும் மிக நுண்ணிய பைகளில், படிகமாக உறைந்து கிடக்கிறது. அந்தச் செல்லைச் சுற்றி செல்லுலோஸும் பெக்டினும் சேர்ந்த கெட்டியான சுவர். நம் குடலில் இந்தச் சுவரைக் கரைக்கும் நொதி கிடையாது. பல்லால் மெல்லும்போது கேரட் நூற்றுக்கணக்கான துண்டுகளாக உடைகிறது, சரி. ஆனால் அந்த ஒவ்வொரு துண்டுக்குள்ளும் ஆயிரக்கணக்கான செல்கள் உடையாமல் இருக்கும். அவற்றுக்குள் இருக்கிற படிகம் அப்படியே பயணம் செய்து வெளியே போய்விடும்.

இதை அளந்து பார்த்திருக்கிறார்கள். ஸ்வீடனில் கோத்தன்பர்க் நகர ஆய்வாளர்கள் 2002-இல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். இரைப்பையிலும் சிறுகுடலிலும் நடக்கும் செரிமானத்தை ஆய்வுக்கூடக் குடுவையில் அதே அமிலம், அதே நொதிகள், பித்த உப்பு எல்லாம் போட்டு நடத்தி, கேரட்டிலிருந்து எவ்வளவு பீட்டா கரோட்டின் வெளியே வருகிறது என்று பார்த்தார்கள். பச்சைக் கேரட்டைத் துண்டுகளாகப் போட்டபோது வெளியே வந்தது மொத்தத்தில் வெறும் 3 சதவீதம். அதே பச்சைக் கேரட்டை நைசாக அரைத்துப் போட்டால் 21 சதவீதம். அரைத்த விழுதை வேகவைத்தால் 27. வேகவைத்த விழுதில் எண்ணெயும் சேர்த்தால் 39.

இந்த நான்கு எண்களைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். மிகப் பெரிய தாவல் 3-லிருந்து 21-க்கு. அதைச் செய்தது அடுப்பும் அல்ல, எண்ணெயும் அல்ல, அரைத்ததுதான். ஆக, நீங்கள் மிக்சியில் அடித்தது வீண் வேலை இல்லை. கேரட்டை அப்படியே கடித்துத் தின்பதைவிட அது எவ்வளவோ மேல். மாமியாரிடம் இதைத் தாராளமாகச் சொல்லலாம். ஆனால் அரைத்த பிறகும் வேகவைத்து எண்ணெய் சேர்த்தால் அது கிட்டத்தட்ட இரண்டு மடங்காகிறது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். இன்னொன்று, இவை "வெளியே வந்த" அளவுகள்தான். வெளியே வந்ததெல்லாம் ரத்தத்தில் சேர்ந்துவிடாது. இந்த எண்களை ஒன்றோடொன்று ஒப்பிடத்தான் பயன்படுத்த வேண்டும்.

வேகவைப்பது என்ன செய்கிறது? சூட்டில் பெக்டின் உடைந்து கரைகிறது. பக்கத்துப் பக்கத்துச் செல்களை ஒட்ட வைத்திருப்பது பெக்டின்தான் என்பதால், அது கரைந்ததும் கேரட் மெத்தென்று ஆகிறது. விரலால் நசுக்கினால் மசிகிற பதம். அதன் பிறகு வாயில் மெல்லும்போதே செல்கள் பிரிந்து உடைகின்றன. சுவரின் இடைவெளிகளும் பெரிதாகின்றன, செரிமான நீர் உள்ளே புகுகிறது.

இங்கே சமையலறையில் எல்லோரும் பார்த்த ஒரு விஷயம் உண்டு. சாம்பாரில் புளி கரைத்து ஊற்றிய பிறகு கேரட்டைப் போட்டால் எவ்வளவு கொதித்தாலும் நறுக்கென்று நிற்கும். புளிப்பு இருந்தால் பெக்டின் லேசில் உடையாது, அதுதான் காரணம். தக்காளி கிரேவியில் பச்சைக் கேரட்டைப் போட்டாலும் இதே கதைதான். கேரட்டைப் பருப்போடு குக்கரில் வேகவைத்துவிட்டு, பிறகு புளியையோ தக்காளியையோ சேர்ப்பதுதான் முறை. ருசிக்காகச் செய்கிற இந்த வரிசை, பீட்டா கரோட்டின் வெளியே வருவதற்கும் உதவுகிறது.

தக்காளியின் கதை கொஞ்சம் வேறு. தக்காளிச் செல்லின் சுவர் கேரட்டைப் போல அவ்வளவு கெட்டி இல்லை, பழுக்கும்போதே பாதி இளகிவிடும். இங்கே தடை லைக்கோபீனின் உருவத்தில்தான் இருக்கிறது. பச்சைத் தக்காளியில், அதாவது சமைக்காத பழத்தில், லைக்கோபீன் மூலக்கூறு பெரும்பாலும் நீண்டு நேராக இருக்கும். விளக்குமாற்று ஈர்க்குகள் போல நேரானவை ஒன்றோடொன்று நெருக்கமாக அடுக்கிக்கொண்டு படிகமாகக் கட்டிக்கொள்ளும். எண்ணெயோடு சேர்த்துச் சூடாக்கும்போது அவற்றில் ஒரு பகுதி வளைந்த வடிவத்துக்கு மாறுகிறது. வளைந்தவை அப்படி நெருக்கமாக அடுக்கிக்கொள்ளாது, கொழுப்பில் சுலபமாகக் கரையும், குடலும் எளிதாக உறிஞ்சும். நம் ரத்தத்தில் இருக்கும் லைக்கோபீனில் பாதிக்கு மேல் இந்த வளைந்த வகைதான். தின்ற தக்காளியில் நேரானது அதிகம் இருந்தாலும் அப்படித்தான்.

மனிதர்களிடமே பார்த்த சோதனைகள் இதற்கு உண்டு. ஜெர்மனியின் டூசல்டார்ஃப் பல்கலைக்கழகத்தில் ஸ்டால், சீஸ் என்ற இருவர் 1992-இல் தக்காளி ஜூஸை வைத்துச் செய்தது முதலில். சூடாக்காத ஜூஸைக் குடித்தவர்களின் ரத்தத்தில் லைக்கோபீன் சொல்லும்படி ஏறவே இல்லை. அதே ஜூஸில் ஒரு சதவீதம் சோள எண்ணெய் சேர்த்து ஒரு மணி நேரம் கொதிக்க வைத்துக் கொடுத்தபோது இரண்டு மூன்று மடங்கு ஏறியது. சூடும் எண்ணெயும் சேர்ந்தே வந்ததால், இதில் எதன் பங்கு எவ்வளவு என்ற கேள்வி மிஞ்சியது. 1997-இல் அதே குழு அதைப் பிரித்துப் பார்த்தது. ஒரு தடவை பச்சைத் தக்காளி, இன்னொரு தடவை கொதிக்க வைத்துச் சுண்டக் காய்ச்சிய தக்காளி பேஸ்ட். இரண்டிலும் லைக்கோபீன் அளவு ஒன்றே, 23 மில்லிகிராம். இரண்டோடும் கொடுத்த சோள எண்ணெயும் ஒன்றே, 15 கிராம். பேஸ்ட் சாப்பிட்டபோது ரத்தத்தில் சேர்ந்த லைக்கோபீனின் மொத்த அளவு பச்சைத் தக்காளியைவிட 3.8 மடங்கு. ஆக, எண்ணெய் சமமாக இருந்தாலும் சமைத்ததற்கென்று தனிப் பலன் இருக்கிறது.

சமைப்பதால் போவது எதுவும் இல்லையா என்றால், உண்டு. அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் 2002-இல் தக்காளியை 88 டிகிரி செல்சியஸில் சூடாக்கிப் பார்த்தார்கள். 30 நிமிடத்தில் வைட்டமின் சி சுமார் 29 சதவீதம் குறைந்தது. அதே நேரத்தில் பிரித்தெடுக்க முடிந்த லைக்கோபீன் இரண்டரை மடங்குக்கு மேலாகக் கூடியது. கூடியது என்றால் புதிதாக உருவானது என்று அர்த்தமில்லை. உள்ளே மாட்டிக்கொண்டிருந்தது கைக்குக் கிடைத்தது, அவ்வளவுதான். அந்த 29 சதவீதத்துக்காக நான் கவலைப்பட மாட்டேன். ஒரு சின்னக் கொய்யாப்பழமோ, ஒரு நெல்லிக்காயோ அதை ஈடுகட்டிவிடும். லைக்கோபீனுக்கு அப்படி மாற்று கிடைப்பது கஷ்டம். நம் சாப்பாட்டில் தக்காளிக்கு அடுத்தபடியாக அது இருக்கும் பொருள்கள் தர்பூசணி, பப்பாளி, சிவப்புக் கொய்யா என்று சிலதான்.

இப்போது எண்ணெய்க்கு வருவோம். செல்லிலிருந்து வெளியே வந்த பீட்டா கரோட்டினும் லைக்கோபீனும் சிறுகுடலில் தண்ணீர் நிறைந்த சூழலில் நிற்கின்றன. தண்ணீரில் கரையாத பொருள் குடல் சுவரைத் தொடவே முடியாது. சாப்பாட்டில் கொழுப்பு இருந்தால்தான் பித்தப்பை நன்றாகச் சுருங்கிப் பித்தநீரைக் குடலுக்குள் விடும். பித்தநீரில் இருக்கும் உப்புகளும், எண்ணெய் செரித்து வந்த கொழுப்பு அமிலங்களும் சேர்ந்து கண்ணுக்குத் தெரியாத நுண்துளிகளாக ஆகின்றன. கரோட்டினாய்டுகள் அந்தத் துளிகளுக்குள் ஏறிக்கொண்டுதான் குடல் சுவரை அடைகின்றன. குடல் செல்லிலிருந்து ரத்தத்துக்குப் போவதற்கும் கொழுப்புத் துகள்களின் துணை வேண்டும். எண்ணெய் இல்லையென்றால் பித்தநீரும் குறைவு, துளியும் குறைவு, ஏற்றிச் செல்லத் துகளும் குறைவு. மூன்று இடத்திலும் அடி.

அமெரிக்காவின் அயோவா மாநிலப் பல்கலைக்கழகத்தில் 2004-இல் இதை நேராகக் காட்டினார்கள். கீரை, லெட்யூஸ், செர்ரி தக்காளி, கேரட் போட்ட பச்சை சாலட். ஒரு தடவை கொழுப்பே இல்லாத டிரெஸ்ஸிங், ஒரு தடவை 6 கிராம் எண்ணெய் உள்ளது, ஒரு தடவை 28 கிராம் எண்ணெய் உள்ளது. கொழுப்பே இல்லாத சாலட்டைச் சாப்பிட்டவர்களின் ரத்தத்தில் கரோட்டினாய்டு ஏறியதாகவே தெரியவில்லை. 6 கிராமில் ஏறியது, 28 கிராமில் இன்னும் அதிகம் ஏறியது. இது பச்சை சாலட் என்பதைக் கவனியுங்கள். வேகவைக்காத காய்க்கு எண்ணெய் அதிகம் தேவைப்படலாம். செல் ஏற்கெனவே உடைந்த, வெந்த காய்க்கு அவ்வளவு வேண்டாம். ஒரு வேளைச் சாப்பாட்டில் ஒருவருக்கு 3 முதல் 5 கிராம் கொழுப்பு என்பதுதான் பொதுவாக நாங்கள் சொல்லும் குறைந்தபட்ச அளவு. ஹைதராபாதில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 1980-இலேயே குழந்தைகளுக்குக் கீரையோடு எண்ணெய் கொடுத்துப் பார்த்தது. 5 கிராம் எண்ணெயே அவர்கள் ரத்தத்தில் வைட்டமின் ஏ கூடப் போதுமானதாக இருந்தது.

5 கிராம் என்பது எவ்வளவு? ஒரு டீஸ்பூன் எண்ணெய் ஏறக்குறைய 4.5 கிராம். அவ்வளவுதான்.

உங்கள் டாக்டர் சொன்ன மாதம் அரை லிட்டர் என்றால் நாளுக்கு ஒருவருக்குச் சுமார் 15 கிராம், அதாவது மூன்று டீஸ்பூனுக்குக் கொஞ்சம் மேல். இதில் ஒரு டீஸ்பூனை நிறமான காய்க்கென்று ஒதுக்கினால் போதும். மிச்சம் இரண்டு டீஸ்பூன் காலைச் சட்னித் தாளிப்புக்கும் ராத்திரி தோசைக்கும். கணக்கு இடிக்கவே இல்லை. எண்ணெயைக் குறைப்பதும், எண்ணெயே இல்லாமல் காய் கொடுப்பதும் வேறு வேறு. உங்கள் கணவருக்கு டாக்டர் சொன்னது முதலாவது மட்டும்தான்.

நான்கு பேருக்குப் பொரியல் செய்கிற கணக்கைச் சொல்கிறேன். 400 கிராம் ஊட்டி கேரட்டைத் தோலை லேசாகச் சுரண்டிவிட்டுத் துருவிக்கொள்ளுங்கள். சின்னச் சதுரமாக நறுக்குவதைவிடத் துருவுவதில் உடைகிற செல்கள் அதிகம். வாணலியில் 3 டீஸ்பூன் எண்ணெய் விட்டு, கடுகு, உளுத்தம்பருப்பு, வரமிளகாய், கறிவேப்பிலை தாளித்து, துருவலையும் உப்பையும் போட்டுக் கிளறுங்கள். ஒரு கை தண்ணீர் தெளித்து, மூடி, சின்னத் தீயில் 7, 8 நிமிடம். மூடியைத் திறந்து ஒரு நிமிடம் கிளறினால் தண்ணீர் வற்றிவிடும். கடைசியில் 20 கிராம் தேங்காய்த் துருவல். தேங்காயில் மூன்றில் ஒரு பங்கு கொழுப்பு என்பதால் அதுவும் கணக்கில் வரும். எண்ணெயிலிருந்து ஆளுக்கு 3.4 கிராம், தேங்காயிலிருந்து 1.6 கிராம் சொச்சம், மொத்தம் 5 கிராம். எண்ணெய் நல்லெண்ணெயா, கடலை எண்ணெயா என்று இந்த விஷயத்துக்காக யோசிக்க வேண்டாம், வீட்டில் இருப்பதே போதும்.

சரியாக வந்திருக்கிறதா என்று தெரிய இரண்டு அடையாளம். ஒரு இழையை விரலால் நசுக்கினால் மசிய வேண்டும். வாணலியின் ஓரத்தில் ஒட்டியிருக்கும் எண்ணெய் ஆரஞ்சு நிறத்தில் இருக்க வேண்டும். கேரட் பொரியலுக்கு மஞ்சள்தூள் போடாதவரை அந்த நிறம் பீட்டா கரோட்டினே. அது எண்ணெயில் கரைந்து வந்துவிட்டது என்று நேராகக் கண்ணால் பார்க்கிறீர்கள். அந்த எண்ணெயை வாணலியோடு கழுவி ஊற்றாமல், கொஞ்சம் சோற்றைப் போட்டுப் புரட்டி எடுக்கிற நம் வீட்டுப் பழக்கம் ரொம்ப நல்ல பழக்கம். பெரிய தீயில் வைத்து ஓரமெல்லாம் கருகினால் பீட்டா கரோட்டினும் சிதையும். கேரட் சிப்ஸ், வெயிலில் காய வைத்த கேரட் வற்றல் இவற்றிலெல்லாம் நிறம் வெளுக்கிறது இல்லையா, அந்த வெளுப்பு அத்தனையும் இழப்பு. (கேரட் அல்வாவில் பீட்டா கரோட்டின் அருமையாகச் சேரும். துருவல், நீண்ட வேக்காடு, நெய், பால் எல்லாம் இருக்கிறது. சர்க்கரை மட்டும் இல்லையென்றால் உங்கள் கணவருக்கு நானே எழுதிக் கொடுத்திருப்பேன்.)

குளிர்காலத்தில் கடைகளில் வரும் சிவப்பு டெல்லி கேரட் கொஞ்சம் வேறு. அதன் சிவப்புக்குப் பெரும்பங்கு காரணம் லைக்கோபீன். வைட்டமின் ஏ தான் நோக்கம் என்றால் ஆரஞ்சு கேரட்டையே வாங்குங்கள்.

தக்காளிக்குத் தொக்கு என்றதும் உடனே வேண்டாம் என்று தோன்றும், ஏனென்றால் ஊறுகாய்போல மாதக்கணக்கில் வைக்கிற தொக்கில் எண்ணெய் நிற்க வேண்டும், உப்பும் அதிகம். நீங்கள் செய்ய வேண்டியது அன்றைக்கே தீரும் தொக்கு. நன்றாகச் சிவந்த தக்காளி அரை கிலோவை எடுத்துக்கொள்ளுங்கள். காய்வெட்டாக இருப்பதில் லைக்கோபீன் இன்னும் சேர்ந்திருக்காது. தோலை உரிக்காமல் நறுக்குங்கள், தோலில்தான் லைக்கோபீன் செறிவு கூடுதல். 4 டீஸ்பூன் எண்ணெயில் வெங்காயம் வதக்கி, தக்காளியைப் போட்டு மூடி 10 நிமிடம், திறந்து மசித்து இன்னும் 10, 15 நிமிடம் சுண்ட விடுங்கள். இந்த அரை கிலோவில் ஏறக்குறைய 12 முதல் 15 மில்லிகிராம் லைக்கோபீன் இருக்கும்.

"எண்ணெய் பிரிந்து வரும்வரை வதக்கு" என்று நாம் சொல்கிறோமே, இந்த அளவு எண்ணெயில் அப்படிப் பிரிந்து நிற்காது. அதைப் பார்க்கவேண்டும் என்று இன்னும் இரண்டு கரண்டி ஊற்றிவிடாதீர்கள். எண்ணெய் பிரிவது தண்ணீர் வற்றியதற்கு அடையாளம், கெடாமல் இருக்க அது வேண்டும். லைக்கோபீன் எண்ணெயில் இறங்குவதற்கு அது பிரிந்து மேலே நிற்க வேண்டிய அவசியம் இல்லை. விழுது அடர்சிவப்பாகி, கரண்டியால் ஒதுக்கினால் ஓரத்தில் மினுமினுவென்று செம்மஞ்சளாக ஒரு பளபளப்பு தெரிந்தால் போதும். மிளகாய்த்தூளும் எண்ணெயைச் சிவக்க வைக்கும், ஆகவே தூளைப் போடுவதற்கு முன்னால் பாருங்கள்.

ரசத்துக்கும் ஒரு வார்த்தை. தக்காளியைக் கரைத்து, சக்கையைப் பிழிந்து எறிந்துவிட்டு வைக்கிற ரசத்தில் லைக்கோபீன் சக்கையோடு குப்பைக்குப் போகிறது. தோலோடு அரைத்து வைத்து, நெய்யில் தாளித்தால் தட்டுக்கு வரும்.

அப்புறம் உங்கள் ஜூஸ். அதில் இரண்டு விஷயம் எனக்கு உறுத்துகிறது. ஒன்று வடிகட்டுவது. கரோட்டினாய்டு தண்ணீரில் கரையாது என்பதால், நார்த் துணுக்குகளோடு ஒட்டிக்கொண்டு ஒரு பெரும் பகுதி சக்கையிலேயே தங்கிவிடும். வடிகட்டியில் நிற்கிற சக்கை எவ்வளவு ஆரஞ்சாக இருக்கிறது என்று பாருங்கள், நான் சொல்லவே வேண்டாம். இரண்டாவது வெறும் வயிறு. 6 மணிக்கு ஜூஸ், 8.30-க்கு இட்லியும் சட்னியும் என்றால், தாளிப்பு எண்ணெய் வரும்போது ஜூஸ் பாதி தூரம் போயிருக்கும். எண்ணெய் அதே பாத்திரத்தில்தான் இருக்க வேண்டும் என்று இல்லை, ஆனால் அதே வேளைச் சாப்பாட்டில் இருக்க வேண்டும். ஜூஸை விட மனமில்லையென்றால் கேரட்டை ஆவியில் 10 நிமிடம் வைத்து, வடிகட்டாமல் அரைத்து, 8.30 மணிச் சாப்பாட்டோடு கொடுங்கள். அல்லது அரைக்கும்போது ஊறவைத்த நிலக்கடலை ஒரு கைப்பிடி சேர்த்துவிடுங்கள், அதன் கொழுப்பே வேலையைச் செய்யும். ஃபேட்டி லிவர் உள்ளவருக்கு, நாரை எடுத்துவிட்ட ஜூஸைவிட நாரோடு இருக்கும் காய் எப்போதும் நல்லது என்பதற்காகவும் வடிகட்டியை ஓரம் கட்டலாம். பச்சைக் கேரட் கடித்துச் சாப்பிட ஆசைப்பட்டால் தடுக்க வேண்டாம். நாரும் கிடைக்கும், பசியும் அடங்கும். பீட்டா கரோட்டின் கணக்கில் மட்டும் அதைச் சேர்க்காதீர்கள்.

பொரியலைத் தினமும் வைத்துச் சில வாரம் கழித்து யாருக்காவது உள்ளங்கையும் பாதமும் மஞ்சளாகத் தெரிந்தால் பயப்பட வேண்டாம். அதிகப்படியான பீட்டா கரோட்டின் தோலில் தங்குவதுதான் அது, அளவைக் குறைத்தால் தானாகப் போய்விடும். மஞ்சள் காமாலையோ என்று சந்தேகம் வந்தால் கண்ணின் வெள்ளையைப் பாருங்கள். காமாலையில் அது மஞ்சளாகும், கேரட்டால் ஆகாது. கணவருக்குக் கல்லீரல் பிரச்சினை இருப்பதால் அவருடைய கண் வெள்ளை மஞ்சளாகத் தெரிந்தால் மட்டும் அன்றைக்கே டாக்டரிடம் போய்விடுங்கள்.

பையன் விஷயத்தில் உங்களை ஏமாற்ற எனக்கு மனமில்லை. வைட்டமின் ஏ குறைந்தால் வருவது மாலைக்கண், கண் வறட்சி போன்றவை. அவன் வயதுப் பிள்ளைகள் கண்ணாடி போடுவது பெரும்பாலும் கிட்டப்பார்வைக்காக. அதில் கண்விழி கொஞ்சம் நீளமாக வளர்ந்துவிட்டது, வெளிச்சம் விழித்திரைக்கு முன்னாலேயே குவிகிறது. எவ்வளவு கேரட் தின்றாலும், எவ்வளவு எண்ணெயில் வதக்கினாலும் அந்த நீளம் குறையாது. அவனுக்கு வெளிச்சத்தில், வெளியில் விளையாடுகிற நேரம் கூடுவதுதான் பவர் ஏறாமல் இருக்க உதவும் என்று கண் மருத்துவர்கள் சொல்கிறார்கள். காலை 6 மணிக்கு ஜூஸுக்காக அவனை எழுப்புகிறீர்கள் என்றால், அந்த நேரத்தில் சைக்கிளைக் கொடுத்து வெளியே அனுப்பிவிடுங்கள். வருடம் ஒருமுறை பவரைச் சோதித்துக்கொள்ளுங்கள். பொரியலை மற்றவர்களைப் போல அவனும் மத்தியானம் சாப்பிடட்டும்.